ஒரே தாமதம், இரண்டு மெயில்: ஜெர்மனிக்கும் நாகோயாவுக்கும் சென்னையிலிருந்து

கார் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சென்னையில் ஒரு குழு சாஃப்ட்வேர் எழுதுகிறது. நிறுவனம் ஜெர்மனியைச் சேர்ந்தது. ப்ராஜெக்ட் மேனேஜர் அங்கேதான் இருக்கிறார். பெட்டியை வாங்கும் கார் கம்பெனி ஜப்பானில் இருக்கிறது. அந்தக் கம்பெனியோடு நேரடியாகப் பேசுபவர் இதே நிறுவனத்தின் நாகோயா அலுவலகத்தில் உள்ள ஒரு பொறியாளர். சென்னைக் குழு தினமும் இந்த இருவருக்கும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறது. மூன்று பக்கத்திலும் யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை.

ஜனவரிக் கடைசியில் ஒரு பழுது வெளிப்பட்டது. அதை இரண்டு பக்கத்துக்கும் தெரிவித்த விதத்தில் ஒரு வாரம் வீணானது. நான் அந்தக் குழுவில் இல்லை. ஆனால் இரண்டு நாட்டவரோடும் வேலை பார்த்தவன் என்பதால் மெயில் தொடரை முழுக்கப் படித்துவிட்டு, மறுபடி எழுதும்போது அவர்களோடு உட்கார்ந்தேன். ஆட்களையும் நிறுவனத்தையும் அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன். இங்கே தரும் மெயில்கள் ஆங்கிலத்தில் போனவை. அவற்றின் சாரத்தைத் தமிழில் கொடுத்திருக்கிறேன்.

பழுதும் முதல் மெயிலும்

கடுங்குளிரில் காரை ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும். அந்த நொடியில் பேட்டரி வோல்டேஜ் 12-லிருந்து சட்டென்று பாதி அளவுக்கு இறங்கிவிடும். அப்போது கண்ணாடி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பெட்டி தன் நினைவகத்தில் எழுதிக்கொண்டிருந்தால், பதிவு பாதியில் அறுந்துபோகும். மறுபடி உயிர் வந்ததும் அந்தப் பதிவைச் செல்லாது என்று பெட்டி ஒதுக்கிவிடும். கண்ணாடியின் நிலை தெரியாததால் தானாக ஏற்றும் வசதி நின்றுபோகும். விரல் நசுங்கும் ஆபத்து இதில் இல்லை, ஏனென்றால் நிலை தெரியாத பெட்டி தானாக ஏற்றவே ஏற்றாது. ஓட்டுபவர்தான் சுவிட்சை அழுத்திப் பிடித்துக் கண்ணாடியை மேலே கொண்டுபோய், பெட்டிக்கு மறுபடி கற்றுத்தர வேண்டும்.

திங்கட்கிழமை சோதனையில் 40 முறை ஸ்டார்ட் செய்ததில் 3 முறை இப்படி ஆனது. ரிலீஸ் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. திருத்தத்துக்கும் முழு மறுசோதனைக்கும் சேர்த்து ஏறக்குறைய 4 வாரம் ஆகும், அதாவது ரிலீஸ் 2 வாரம் தள்ளிப்போகும். இதெல்லாம் செவ்வாய் மதியத்துக்குள் குழுவுக்குத் தெரிந்துவிட்டது.

செவ்வாய் மாலை போன மெயில் இது. ஜெர்மனி, நாகோயா இரண்டு பக்கத்துக்கும் ஒரே மெயில். சிசியில் இரு பக்கத்து மேலதிகாரிகளும் இருந்தார்கள்.

"அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். தங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி. சோதனையில் ஒரு சிறு விஷயம் கவனத்துக்கு வந்துள்ளது. குழு அதை ஆராய்ந்து வருகிறது. இதனால் அட்டவணையில் சிறிது தாக்கம் இருக்கக்கூடும். அதைக் குறைக்க எங்களால் ஆன எல்லா முயற்சியும் எடுக்கிறோம். தங்கள் மேலான ஆலோசனைகளை எதிர்பார்க்கிறோம்."

நம் ஊர் அலுவலகங்களில் இந்த நடை பழகிப்போன ஒன்று. மரியாதை இருக்கிறது, பொய் எதுவும் இல்லை. நேரடியாகப் பேசுகிற ஜெர்மானியருக்கு இது பிடிக்காது, மறைமுகமாகப் பேசுகிற ஜப்பானியருக்குப் பிடிக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. இரண்டு பேருக்குமே இது பயன்படவில்லை.

இரண்டு பதில்கள்

ஜெர்மன் மேனேஜர் மூன்று நாள் பதிலே போடவில்லை. கோபம் எதுவும் இல்லை. மெயிலில் கேள்வி இல்லை, கெடு இல்லை, தேதி மாறுகிறது என்ற வாக்கியமும் இல்லை. 'சிறு விஷயம்' என்று எழுதியிருந்தார்கள், அவரும் சிறு விஷயமாகவே எடுத்துக்கொண்டார். 'முயற்சி எடுக்கிறோம்' என்பதை, தேதியைக் காப்பாற்றிவிடுவார்கள் என்று படித்தார். வெள்ளிக்கிழமை வாராந்தரக் கூட்டத்தில்தான் 2 வாரம் என்ற எண் அவர் காதில் விழுந்தது. ஒரு மணி நேரத்தில் அவருடைய மெயில் வந்தது.

"இது ஏற்கத்தக்கதல்ல. 2 வாரத் தாமதம் செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் அதை அன்றே எழுதவில்லை? திங்கட்கிழமை எனக்கு மூலகாரணம், புதிய தேதி, உங்கள் பரிந்துரை மூன்றும் வேண்டும்."

குழு இடிந்துபோனது. "சார், எல்லாரையும் சிசி போட்டு நம்ம மானத்த வாங்கிட்டாரு" என்றார் ஒரு பொறியாளர். டீம் லீட் சனி, ஞாயிறில் உட்கார்ந்து நீளமான மன்னிப்புக் கடிதம் ஒன்றைத் தயார் செய்தார். நல்லவேளையாக அனுப்பவில்லை.

அந்த மெயிலை நிதானமாகப் பார்த்தால் திட்டு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கண்டனம் ஒரு செயலைப் பற்றியது: தெரிந்ததை அன்றே எழுதவில்லை. அப்புறம் தனக்கு வேண்டிய மூன்றையும் கெடுவோடு சொல்லியிருக்கிறார். சிசி பட்டியலை அவர் உருவாக்கவில்லை, வந்த மெயிலுக்கு 'ரிப்ளை ஆல்' போட்டார். இன்னொன்றும் இருக்கிறது. ஜெர்மன் பேச்சில் ஒரு வாக்கியத்தை இதமாக்க doch, mal, eigentlich போன்ற சிறு சொற்கள் ஏராளம். ஆங்கிலத்துக்கு வரும்போது அவை உதிர்ந்துவிடும், வெறும் எலும்பு மட்டும் வந்து சேரும். கேள்வி வடிவில் சுற்றி வந்து கேட்கும் ஆங்கிலேயர் பழக்கத்தை அவர் கற்றிருக்கவும் இல்லை. ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் மக்கள் எப்படிக் கேட்கிறார்கள், எப்படிக் குறை சொல்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஒப்பிட்டு ஆராய்ந்த மொழியியலாளர் யூலியானே ஹவுஸ், ஜெர்மானியர் பேச்சு எதிரில் இருக்கும் ஆளைவிடச் சொல்லப்படும் பொருளை நோக்கியே செல்கிறது என்று காட்டியிருக்கிறார். இந்த மேனேஜரின் மெயில் அதற்கு அப்படியே பொருந்துகிறது.

நாகோயாவிலிருந்து புதன்கிழமையே பதில் வந்துவிட்டது. அதுதான் குழுவை ஏமாற்றியது.

"தகவலுக்கு மிக்க நன்றி. குழுவினரின் கடும் உழைப்பைப் பாராட்டுகிறோம். எந்தச் சூழ்நிலையில் இது வருகிறது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும். அட்டவணையைப் பற்றி உள்ளே கலந்து பார்க்கிறோம். பிப்ரவரிப் பின்பகுதி என்றால் கொஞ்சம் கடினமாக இருக்கலாம்."

குழு நிம்மதியாக மூச்சு விட்டது. நன்றி சொல்கிறார், பாராட்டுகிறார், உள்ளே பேசிப் பார்க்கிறேன் என்கிறார், அப்படியானால் ஒத்துக்கொள்வார் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் ஜப்பானிய அலுவலகத்தில் 'கடினமாக இருக்கலாம்' என்று எழுதினால் பெரும்பாலும் 'முடியாது' என்றே அர்த்தம். 'கலந்து பார்க்கிறோம்' என்பதில் சம்மதம் கிடையாது. நம் வீட்டில் ஒருவர் "பார்க்கலாம்" என்று இழுத்தால் நமக்குப் புரியாதா? அதே இழுவை ஆங்கிலத்தில், வேறு நாட்டிலிருந்து வரும்போது காதில் விழுவதில்லை. இன்னொரு வாக்கியத்தையும் தவறவிட்டார்கள். 'சூழ்நிலை தெரிந்தால் உதவியாக இருக்கும்' என்பது வேண்டுகோள் மாதிரி தெரிந்தாலும், உடனே அனுப்புங்கள் என்பதே அதன் பொருள். அந்த விவரம் இல்லாமல் அவரால் தன் மேலதிகாரியிடம் போய் நிற்க முடியாது. மூன்று நாள் அது போகாததால், வெள்ளி மாலை நாகோயாவிலிருந்து நீளமான கேள்விப் பட்டியல் ஒன்று வந்தது. இந்த முறை அனுப்பியவர் அவருடைய மேலதிகாரி.

எந்த வாக்கியம் நேராக இருக்க வேண்டும்

மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1970-களில் சொன்ன பாகுபாட்டை இந்த இடத்தில் பலரும் எடுத்துக்காட்டுவார்கள்: ஜெர்மானியர் எல்லாவற்றையும் சொல்லில் வைப்பவர்கள், ஜப்பானியர் பெரும்பகுதியைச் சூழலில் விட்டுவிடுபவர்கள். தொடக்கத்துக்கு அது உதவும். மெயில் எழுத உட்காரும்போது போதாது. 'ஜப்பானுக்குச் சுற்றி வளைத்து எழுது' என்று புரிந்துகொண்டால், குழுவின் முதல் மெயில்தான் திரும்பவும் வரும்.

நான் அவர்களிடம் காட்டியது இதைத்தான். ஒரு வேலை மெயிலில் மூன்று வகை வாக்கியம் இருக்கும்: நடந்தது என்ன, அது சரியா தவறா என்ற நம் மதிப்பீடு, எதிராளி என்ன செய்ய வேண்டும் என்ற கேட்பு. நேரடித்தன்மை மூன்றிலும் ஒரே அளவில் ஏறி இறங்குவதில்லை. ஜெர்மன் மேனேஜருக்கு மூன்றுமே நேராக வேண்டும், அதிலும் கேட்பு முதல் வரியில் இருக்க வேண்டும். நாகோயாக்காரருக்கு நடந்தது மட்டும் நேராக வேண்டும். சொல்லப்போனால் ஜெர்மானியரைவிட விரிவாக, முன்கூட்டியே வேண்டும். ஜப்பானிய அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவருக்கே ஹோரென்ஸோ என்று ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்கள்: அறிவி, தெரியப்படுத்து, கலந்து பேசு. கெட்ட செய்தி முழுதாகப் பழுக்கும்வரை காத்திருக்காமல், தெரிந்தவரை உடனே சொல்லிவிட வேண்டும் என்பது அதில் அடக்கம். மறைமுகம் தேவைப்படுவது மதிப்பீட்டிலும் கேட்பிலும்தான். மறுப்பை மாற்று யோசனையாக வைக்க வேண்டும், குறையைக் கேள்வியாக வைக்க வேண்டும், முடிவை அவருக்கு முன்னால் நாமே அறிவித்துவிடக் கூடாது.

நம் குழு செய்தது நேர் எதிர். நடந்ததை மழுப்பியது, மதிப்பீட்டைச் 'சிறு' என்று குறைத்தது, கேட்பை விட்டேவிட்டது.

திங்கட்கிழமை

முதலில் எதை அனுப்புவது என்பதே சிக்கலாக இருந்தது. புதிய தேதியை ஜெர்மனி ஒத்துக்கொள்ளாமல் நாகோயாவுக்குச் சொல்ல முடியாது. நாகோயாவோ ஒரு வாரமாக விவரத்துக்குக் காத்திருக்கிறது. குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், ஜப்பான் எப்போதும் மூன்றரை மணி நேரம் முன்னால். ஜெர்மனியில் ஒருவர் காலை எட்டரைக்கு மேசைக்கு வரும்போது இங்கே மதியம் 1, நாகோயாவில் மாலை நாலரை. ஜெர்மனி பதில் போடக் காத்திருந்தால் ஜப்பானில் அந்த நாள் போய்விடும்.

அதனால் நடந்ததையும் தேதியையும் பிரித்தோம். காலை ஒன்பதரைக்கு, அங்கே மதிய உணவு முடியும் நேரத்தில், டீம் லீட் நாகோயாப் பொறியாளரை ஃபோனில் கூப்பிட்டார். மேலதிகாரி இல்லாமல் அவர் மட்டும். சோதனை விவரங்களைச் சொன்னார். தேதி பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "பிப்ரவரிப் பின்பகுதி கடினம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கத்தில் என்ன வேலை இருக்கிறது என்று சொன்னால் நாங்கள் அதற்கேற்ப யோசிப்போம்."

அப்போதுதான் தெரிந்தது. கார் கம்பெனி ஹொக்கைடோவில் குளிர்ச் சோதனைக்கு ஓடுபாதை முன்பதிவு செய்திருக்கிறது. பிப்ரவரி நடுவில் கார்கள் அங்கே போகின்றன. பனி போய்விட்டால் அடுத்த வாய்ப்பு அடுத்த குளிர்காலத்தில்தான். இந்தப் பழுது வருவதே கடுங்குளிரில் என்பதால், அங்கே அது கண்ணில் படாமல் இருக்க வழியே இல்லை. திட்ட அட்டவணையில் இது ஒரு வரியாக இருந்ததால் சென்னைக்குத் தெரியும் என்று நாகோயா நினைத்திருக்கிறது. சென்னையில் யாரும் அந்த வரியைத் தங்கள் ரிலீஸோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

இந்தத் தகவல் கையில் வந்ததும் ஜெர்மனிக்குப் பரிந்துரையோடு எழுத முடிந்தது. மதியம் 1 மணிக்குப் போன மெயில்:

"பொருள்: முடிவு தேவை, இன்று 16:00 (உங்கள் நேரம்): வெள்ளி ரிலீஸை இரண்டாகப் பிரித்தல்.

வெள்ளிக்கிழமை முழு ரிலீஸ் கொடுக்க முடியாது. குளிர் ஸ்டார்ட்டில் 40-க்கு 3 முறை கண்ணாடி நிலை அழிகிறது. காரணம்: நினைவகத்தில் எழுதும்போது மின்சாரம் அறுவது. மறுசோதனை செய்து உறுதிப்படுத்திவிட்டோம். விரல் நசுங்கும் ஆபத்து இல்லை. திருத்தம் எழுதியாயிற்று, முழுச் சோதனைக்கு வெள்ளிக்குப் பின் 2 வாரம் வேண்டும்.

பரிந்துரை: வெள்ளியன்று திருத்தத்தோடு ஒரு பதிப்பை ஹொக்கைடோ சோதனைக் கார்களுக்கு மட்டும் கொடுப்போம். முழு ரிலீஸ் 2 வாரம் கழித்து. நீங்கள் ஒத்துக்கொண்டால் நாளை காலை நாகோயாவுக்கு எழுதுகிறேன்.

2 வாரம் என்று செவ்வாய்க்கிழமையே எழுதியிருக்க வேண்டும். அது எங்கள் தவறு."

மன்னிப்பு ஒரே வரி, கடைசியில். வாரக்கடைசியில் எழுதிய நீளமான வடிவம் போயிருந்தால், இவ்வளவு வருந்துகிறார்களே, இன்னும் எதையோ மறைக்கிறார்களோ என்று அவர் தோண்டியிருப்பார். அவருக்கு வேண்டியது காரணமும் தேதியும். அன்றே பதில் வந்தது, மூன்று வரி: "ஒத்துக்கொள்கிறேன். சோதனைப் பதிப்பில் என்னென்ன சோதிக்கப்படவில்லை என்ற பட்டியல் புதனுக்குள் வேண்டும். தெளிவாக எழுதியதற்கு நன்றி." வெள்ளிக்கிழமைக் கடுமையின் சுவடே அதில் இல்லை. அவரைப் பொறுத்தவரை அந்த விஷயம் அதோடு தீர்ந்தது.

செவ்வாய் காலை நாகோயாவுக்கு. பெறுபவர் அந்தப் பொறியாளர் மட்டும், சிசி இல்லை. மேலதிகாரியின் கேள்விப் பட்டியலுக்கான பதிலும் அவர் வழியாகவே போனது. உள்ளே எப்போது, யாரிடம், எந்த வரிசையில் காட்டுவது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்; நாம் நேராக மேலே அனுப்பினால் அவரைத் தாண்டிப் போனதாக ஆகும்.

"தொந்தரவு கொடுத்ததற்கும், விவரம் அனுப்பத் தாமதமானதற்கும் முதலில் வருத்தம் தெரிவிக்கிறோம். நேற்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி.

நடந்தவற்றின் வரிசை, காரணம், இப்போதைய நடவடிக்கை, மறுபடி நேராமல் இருக்கச் செய்வது ஆகியவை இணைப்பில் உள்ளன. 40 சோதனைகளின் அளவீடுகளையும் சேர்த்திருக்கிறோம்.

ஹொக்கைடோ நாட்களை மனத்தில் வைத்து இரண்டு வழி யோசித்தோம். ஒன்று, வெள்ளியன்று சோதனைக் கார்களுக்கு மட்டும் திருத்திய பதிப்பு, முழு ரிலீஸ் 2 வாரம் கழித்து. இதில் சோதிக்கப்படாத பகுதிகளின் பட்டியல் உண்டு. மற்றது, எல்லாவற்றையும் 2 வாரம் கழித்து ஒன்றாக. இரண்டாவது உங்கள் பக்கத்தில் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறோம். எது வசதி என்று கலந்து பார்த்துச் சொல்ல முடியுமா? வியாழன் காலைக்குள் தெரிந்தால் வெள்ளிக்குத் தயாராகிவிடுவோம்."

முழு ரிலீஸ் வெள்ளியன்று முடியாது என்று இந்த மெயிலில் எங்குமே இல்லை. இரண்டு வழியிலும் அது இல்லாததே அந்தச் செய்தி. நாகோயாவில் அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் உதவி தேவைப்படவில்லை. வியாழன் மதியம், முதல் வழி என்று பதில் வந்தது.

நாட்டை நம்பி எழுதினால்

இந்த அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும். பல ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த ஜப்பானியர் எனக்கு முதல் வரியிலேயே முடியாது என்று எழுதியிருக்கிறார். இன்னொரு பொறியும் உண்டு: ஜப்பானியர் சிலரின் ஆங்கிலம் படிக்க அதட்டலாக இருக்கும், "நாளைக்குள் பதில் தரவும்" என்று ஒற்றை வரி. அவர் மொழியில் பணிவு வினைச்சொல்லின் உருவத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை வைக்க இடமில்லை. ஆகவே ஆளின் பழைய மெயில்கள் நாலைந்தைத் திறந்து பார்ப்பதே நல்ல வழி. கேட்பு எந்த வரியில் வருகிறது, மறுக்க நேர்ந்தபோது எப்படி மறுத்தார், யாரை சிசியில் சேர்க்கிறார் என்ற மூன்றும் போதும்.

தவறிப்போனால் அது தெரியும் விதமும் வேறு வேறு. ஜெர்மன் பக்கத்தில் அதிருப்தி எழுத்திலேயே வந்துவிடும். 'ஏற்கெனவே சொன்னபடி' என்று தொடங்கினால், இரண்டாம் முறை கேட்கிறார் என்று பொருள். ஜப்பான் பக்கத்தில் மெயில் இன்னும் மரியாதையாகும், பதில் தாமதமாகும், அப்புறம் வேறு பெயரிலிருந்து, மேலேயிருந்து வரும். அந்த வெள்ளிக்கிழமைப் பட்டியல் அப்படி வந்ததுதான்.

ஒரு மாதம் கழித்து எதிர்ப்பக்கச் சிக்கல் வந்தது. ஜெர்மனிக்கு நேராக எழுதிப் பழகிய இளம் பொறியாளர் ஒருவர், இரண்டு பக்கமும் சேர்ந்திருந்த மெயிலில் "தேவைக் குறிப்பின் 4.2 பிரிவு தவறு" என்று எழுதினார். ஜெர்மன் மேனேஜர் "சரி, திருத்துங்கள்" என்றார். அந்தக் குறிப்பை எழுதியவர் நாகோயாக்காரர். அவரிடமிருந்து ஒரு வாரம் சத்தமே இல்லை.

இருவரும் சேர்ந்து படிக்கும் மெயிலில் நடுவாந்தரமான கடுமை என்று ஒன்றைத் தேடுவதில் பயனில்லை. மதிப்பீட்டை எடுத்துவிட்டு, நடந்ததையும் கேள்வியையும் மட்டும் வைக்கலாம். அந்த இளைஞர் நாகோயாவைத் தனியாக ஃபோனில் கூப்பிட்டுப் பேசிவிட்டு, மறுபடி இப்படி எழுதினார்: "4.2-இல் மிகக் குறைந்த வோல்டேஜ் 6 என்று இருக்கிறது. ஹொக்கைடோ அளவீட்டில் 5.5 வரை இறங்கியது, வரைபடம் இணைப்பில். சோதனைக்கு எந்த எண்ணை எடுத்துக்கொள்வது? புதன்கிழமைக்குள் தெரிந்தால் அடுத்த சுற்றில் சேர்த்துவிடுவோம்." ஜெர்மன் மேனேஜர் இதில் கெடுவையும் பழுதையும் பார்த்தார். நாகோயாக்காரர் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வியைப் பார்த்தார். புதன்கிழமைக்கு முன்பே திருத்திய 4.2 வந்துசேர்ந்தது, அவர் பெயரிலேயே.